கோலின் பூஜ்யம்

கடல் வரைபடம் ஒன்றை விரித்தால் நீலமும் வெள்ளையுமான பரப்பெங்கும் எண்கள் இறைந்து கிடக்கும். கரையோரத்தில் ஒரு 4, அதன் காலடியில் சின்னதாக ஒரு 5. அந்த இடத்தில் ஆழம் நாலரை மீட்டர் என்று பொருள். ஆனால் அந்த எண்ணைப் பதித்த அன்று அங்கே தண்ணீர் நாலரை மீட்டர் இருந்ததா என்று கேட்டால், இல்லை என்பதே பெரும்பாலும் பதில். படகிலிருந்து அளந்தபோது ஐந்தரை மீட்டர் இருந்திருக்கலாம். அதே நாள் மாலையில் நாலேமுக்கால் இருந்திருக்கலாம். தரை அசையவில்லை. மேலே இருக்கும் நீர்மட்டம்தான் நாள் முழுதும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

எக்கோ சவுண்டர் தரும் ஆழம் படகுக்கும் தரைக்கும் இடையிலுள்ள தூரம் மட்டுமே. ஒலி கீழே போய்த் திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தை அது தூரமாக மாற்றிச் சொல்கிறது. படகோ ஏறி இறங்கும் நீரின்மேல் மிதக்கிறது. காலை ஏழு மணிக்கு எடுத்த அளவையும் பகல் ஒரு மணிக்கு எடுத்த அளவையும் ஒரே தாளில் எழுத வேண்டுமானால், இரண்டையும் அசையாத ஒரு மட்டத்திலிருந்து அளந்ததுபோல மாற்றியாக வேண்டும். அந்த மட்டத்துக்குப் பெயர் சார்ட் டேட்டம். மாற்றும் வேலையைச் செய்ய, படகு கடலில் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் முழுதும் ஒருவர் கரையில் உட்கார்ந்து, தண்ணீரில் நட்ட ஒரு கோலைப் பார்த்து எண்களை எழுதிக்கொண்டிருப்பார். சர்வேயின் செங்குத்துக் கணக்கு முழுவதும் அந்தக் கோலின் பூஜ்யம் எங்கே இருக்கிறது என்பதில் தொங்குகிறது. அதில் பிழை வந்தால் ஆயிரக்கணக்கான அளவுகள் ஒன்றாகப் பிழைக்கும். ஒன்றாகப் பிழைப்பதாலேயே யாருக்கும் தெரியாமலும் போகும்.

டேட்டம் எந்த உயரத்தில் இருக்க வேண்டும்? நிலத்து வரைபடங்கள் சராசரிக் கடல்மட்டத்தைப் பூஜ்யமாகக் கொள்கின்றன. மலையின் உயரம், ரயில் நிலையப் பலகையில் எழுதியிருக்கும் உயரம் எல்லாம் அதிலிருந்து எண்ணியவை. மாலுமிக்கு அது உதவாது. சராசரி என்றால் பாதி நேரம் நீர் அதற்குக் கீழே இருக்கும். சராசரியை நம்பி வருகிற கப்பல், வற்றிய நேரத்தில் தரைதட்டும். ஆகவே கடல் வரைபடத்தின் பூஜ்யத்தை நீர் அரிதாகவே இறங்கும் அளவுக்குத் தாழ்வாக வைக்கிறார்கள். வரைபடத்து எண்ணோடு அந்த நேரத்து ஓதத்தின் உயரத்தைக் கூட்டிக்கொண்டால் உண்மையான ஆழம் கிடைக்கும். மறந்துபோய்க் கூட்டாமல் விட்டாலும் ஆபத்தில்லாத பக்கமே நிற்கிறோம்.

இந்தத் தாழ்வைக் கணக்கிட இந்தியக் கடற்கரைக்கென்றே ஒரு வழி வகுக்கப்பட்டது. வகுத்தவர் ஜார்ஜ் டார்வின், பரிணாமக் கொள்கை தந்த சார்லஸ் டார்வினின் மகன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியத் துறைமுகங்களின் ஓதப் பதிவுகளை அவர் ஆராய்ந்தார். ஓதம் பல அலைகளின் கூட்டுத்தொகை. நிலவால் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை எழுவது ஒன்று. சூரியனால் 12 மணிக்கு ஒருமுறை எழுவது இன்னொன்று. நாளுக்கு ஒருமுறை எழும் பெரிய அலைகள் இரண்டு. இவற்றை M2, S2, K1, O1 என்று குறிப்பார்கள். இந்த நான்கும் ஒரே நேரத்தில் தத்தம் அடிப்பள்ளத்தில் இருந்தால் நீர் எவ்வளவு இறங்குமோ, சராசரி மட்டத்துக்கு அவ்வளவு கீழே பூஜ்யத்தை வைத்தார் டார்வின்.

டேட்டம் = சராசரிக் கடல்மட்டம் − (M2 + S2 + K1 + O1)

சென்னையில் இந்தத் தாழ்வு ஏறத்தாழ 65 சென்டிமீட்டர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே அங்கே சுமார் ஒரு மீட்டர் வித்தியாசம் இருக்கும். அட்டமியை ஒட்டி அதில் பாதிக்கும் குறைவு. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் ஓதம் பத்து மீட்டரையும் தொடுவதால், அங்கே டேட்டம் சராசரி மட்டத்துக்குப் பல மீட்டர் கீழே கிடக்கிறது. ஆக சார்ட் டேட்டம் நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு சமதளமல்ல. ஓதம் பெரிதான இடத்தில் அது ஆழமாகத் தாழ்கிறது, சிறிதான இடத்தில் மேலேறுகிறது. இன்று பல நாடுகள் 19 ஆண்டுகளுக்கு ஓதத்தைக் கணித்து, அதில் வரும் ஆகத் தாழ்ந்த மட்டத்தையே பூஜ்யமாகக் கொள்கின்றன. எண் சற்று மாறும், நோக்கம் அதுவேதான்.

கண்ணுக்குத் தெரியாத இந்த மட்டத்தை ஒரு மீன்பிடித் துறைமுகத்தின் படித்துறைக்குக் கொண்டுவருவது எப்படி? நான் வேலை செய்த ஒரு சோழமண்டலக் கரைத் துறைமுகத்தின் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். எளிதாகப் புரிவதற்காக எண்களைச் சற்றே நேராக்கியிருக்கிறேன்.

ஜெட்டியின் காங்கிரீட்டில் பித்தளைக் குமிழ் ஒன்று பதித்திருந்தது. அதுதான் பெஞ்ச் மார்க். அதன் உயரம் சார்ட் டேட்டத்துக்கு மேல் 2.64 மீட்டர் என்று பதிவேட்டில் இருந்தது. ஜெட்டியின் தூணில் மூன்று மீட்டர் நீளமுள்ள டைட் போலைக் கட்டினோம். சென்டிமீட்டர் கோடுகள் வரைந்த பலகை அது, அவ்வளவுதான். இடையில் லெவல் கருவியை நிறுத்தி, ஸ்டாஃபைப் பெஞ்ச் மார்க்கின்மேல் வைத்துப் பார்த்தால் 0.95. அப்படியென்றால் கருவியின் பார்வைக்கோடு டேட்டத்துக்கு மேல் 2.64 + 0.95 = 3.59 மீட்டரில் இருக்கிறது. ஸ்டாஃபைக் கோலின் தலையில் வைத்துப் பார்த்தால் 0.78. ஆக கோலின் தலை 3.59 − 0.78 = 2.81 மீட்டரில் நிற்கிறது. தலையில் எழுதியிருப்பது 3.00. எனவே கோலின் பூஜ்யம் டேட்டத்துக்கு 0.19 மீட்டர் கீழே இருக்கிறது. கோலில் என்ன படித்தாலும் அதிலிருந்து 0.19 கழித்தால் டேட்டத்துக்கு மேலான ஓத உயரம் வந்துவிடும்.

கோலின் பூஜ்யத்தை வேண்டுமென்றேதான் டேட்டத்துக்குக் கீழே வைக்கிறோம். நீர் எவ்வளவு வற்றினாலும் கோலின் அடி தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் நாளின் மிகத் தாழ்ந்த நேரம் பதிவாகாமல் போகும்.

இந்த இடத்தில் பலர் இடறி விழுகிற பள்ளம் ஒன்று உண்டு. பெஞ்ச் மார்க்குக்கு இரண்டு உயரங்கள் இருக்க முடியும். கடல் வரைபடக் கணக்கில் நம் குமிழ் 2.64, நிலத்துக் கணக்கில், அதாவது சராசரிக் கடல்மட்டத்திலிருந்து, சுமார் 1.99. கட்டடப் பொறியாளர் கொடுத்த தாளில் 1.99 என்றிருந்து, அது எதிலிருந்து அளந்த உயரம் என்று கேட்காமல் சர்வேக்காரர் பயன்படுத்தினால், ஆழங்கள் எல்லாம் ஒரே சீராக 65 சென்டிமீட்டர் மாறிவிடும். ஓதம் குறைவாகக் கணக்கிடப்படும். கழிக்க வேண்டியதைக் கழிக்காததால் ஆழம் அதிகமாகத் தெரியும். கப்பலுக்கு ஆபத்தான பக்கம் அதுதான். பதிவேட்டில் உயரத்துக்குப் பக்கத்தில் ‘எதற்கு மேல்’ என்ற சொல் இல்லையென்றால் அந்த எண்ணை நான் தொடமாட்டேன்.

கோலைப் படிப்பது எளிய வேலையாகத் தோன்றும். ஆனால் சோழமண்டலக் கரையில் அலை ஓய்வதே இல்லை. கோலடியில் நீர் ஒரு நொடி 1.20-ஐத் தொடும், மூன்று நொடியில் 0.96-க்கு இறங்கும். சட்டென்று பார்த்து எழுதினால் பன்னிரண்டு சென்டிமீட்டர் பிழை கைமேல் வந்துவிடும். ஒரு நிமிடமாவது நின்று முகட்டையும் பள்ளத்தையும் மாறிமாறிப் பார்த்து, நடுவை எடுக்க வேண்டும். இன்னும் நல்லது, அடியில் சிறு துளையிட்ட தெளிவான பிளாஸ்டிக் குழாயைக் கோலோடு சேர்த்துக் கட்டுவது. வெளியே அலை அடித்தாலும் சிறு துளை வழியே நீர் வேகமாக வந்துபோக முடியாது. குழாய்க்குள் நீர் ஏறக்குறைய அமைதியாக நிற்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படித்து, நேரத்தையும் சேர்த்து எழுதுவது வழக்கம். ஒரு மீட்டர் ஓதத்தில் நீர் மிக வேகமாக நகரும் நடுநேரத்தில்கூட மணிக்கு 25 சென்டிமீட்டர்தான் மாறும். பத்து நிமிட இடைவெளியில் நாலு சென்டிமீட்டர். இரண்டு எண்களுக்கு இடையில் நேர்கோடு போட்டுக்கொள்ள அது போதும்.

ஓதத்தைத்தான் முன்கூட்டியே கணித்து அட்டவணையாகப் போடுகிறார்களே, கோல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அட்டவணை நிலவையும் சூரியனையும் அறியும். இன்று வீசும் காற்றை அது அறியாது. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். கரையோரமாகப் பல நாள் வீசும் காற்று நீரைக் கரைப்பக்கம் ஒதுக்கும், அல்லது கரையிலிருந்து விலக்கும். வங்காள விரிகுடாவில் பருவமும் பேசுகிறது. நம் கரையில் ஐப்பசி, கார்த்திகையில் நீர்மட்டம் உயர்ந்தும் பங்குனி, சித்திரையை ஒட்டித் தாழ்ந்தும் இருக்கும். வித்தியாசம் சில பத்து சென்டிமீட்டர்கள். கடல் அமைதியாக இருப்பதால் சர்வேக்கு நாம் தேர்ந்தெடுக்கும் மாதங்களும் அந்தத் தாழ்ந்த மாதங்களே.

இனி படகுக்கு வருவோம். காலை 9:14-க்கு எக்கோ சவுண்டர் 4.86 மீட்டர் காட்டுகிறது. ஒலியை அனுப்பும் கருவி நீர்ப்பரப்புக்கு 0.60 மீட்டர் கீழே பொருத்தப்பட்டிருக்கிறது. அதைக் கூட்டினால் அந்த நேரத்து நீரின் ஆழம் 5.46. இந்த எண்ணை நம்ப வேண்டுமானால் காலையில் கிளம்பும் முன்பே ஒரு சோதனை முடிந்திருக்க வேண்டும். இரும்புத் தகடொன்றைச் சங்கிலியில் கட்டிக் கருவிக்குக் கீழே இரண்டு மீட்டர், நாலு மீட்டர், ஆறு மீட்டர் என்று இறக்கி, சவுண்டரும் அதையே சொல்கிறதா என்று பார்ப்பார்கள். நம் வெதுவெதுப்பான கடலில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் ஓடுகிறது. கருவி ஆலையில் வைத்த 1,500-லேயே இருந்தால் ஐந்து மீட்டரில் 13 சென்டிமீட்டர் குறைத்துச் சொல்லும். தகடு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இதை விரிவாகச் சொல்ல வேறு கட்டுரை வேண்டும்.

கரையில் இருப்பவரின் நோட்டில் 9:10-க்கு 1.09, 9:20-க்கு 1.05. 9:14-க்கு இரண்டுக்கும் இடையே 1.07. அதிலிருந்து கோலின் 0.19-ஐக் கழித்தால் ஓதம் 0.88. ஆழம் 5.46-லிருந்து 0.88 போக 4.58. வரைபடத்தில் ஒரு தசம இடம்தான் இருக்கும், அதையும் ஆழத்தைக் கூட்டாமல் குறைத்தே எழுதுவார்கள். எனவே 4, காலடியில் 5. முதலில் பார்த்த எண் இப்படித்தான் பிறந்தது.

அதே நேரத்தில் கரைக்கு அருகே ஓடிய இன்னொரு படகு மணல்திட்டின்மேல் அரை மீட்டர் தண்ணீர் இருப்பதாகப் பதிந்தால், 0.50 − 0.88 = −0.38. எதிர்மறை எண் பிழையல்ல. நீர் டேட்டம் வரை இறங்கினால் அந்தத் திட்டு 38 சென்டிமீட்டர் வெளியே தலைகாட்டும் என்று பொருள். வரைபடத்தில் அந்த எண்ணின் அடியில் ஒரு கோடு போட்டு, இது ஆழமல்ல, வெளியே தெரியும் உயரம் என்று காட்டுவார்கள்.

கணக்கு இவ்வளவு எளிது. பிழை அநேகமாகக் கடிகாரத்திலிருந்தே வருகிறது.

கோலைப் படிப்பவர் கைக்கடிகாரம் பார்த்து இந்திய நேரத்தை எழுதுகிறார். படகின் ஜி.பி.எஸ். கருவி சர்வதேச நேரத்தைப் பதிகிறது. இரண்டுக்கும் ஐந்தரை மணி வித்தியாசம், இலங்கையிலும் அப்படியே. வேறு சில நாட்டாருக்கு ஒரு மணி, இரண்டு மணி பிசகினால் ஓதப் பிழை ஓரளவோடு நின்றுவிடும். நமக்கு வாய்த்த ஐந்தரை மணியோ மோசமான எண். ஏற்றத்திலிருந்து வற்றத்துக்குப் போக ஓதம் எடுத்துக்கொள்வது சுமார் 6 மணி 12 நிமிடம். ஐந்தரை மணி பிசகினால் ஓதம் கிட்டத்தட்ட தலைகீழாகப் புரண்டுவிடும். ஏற்றத்தின்போது எடுத்த அளவுக்கு வற்றத்தின் திருத்தமும், வற்றத்தின்போது எடுத்த அளவுக்கு ஏற்றத்தின் திருத்தமும் போய்ச் சேரும்.

நம் துறைமுகத்தில் அன்று காலை ஏழு மணியளவில் ஏற்றம், ஓதம் 1.15. பகல் 1:17-க்கு வற்றம், 0.15. வற்றத்தில் படகு ஒரு மேட்டைக் கடந்து, நீரின் ஆழம் 4.15 என்று பதிகிறது. சரியான விடை நாலு மீட்டர். ஆனால் பதிவில் நேரம் 07:47 என்றிருக்கிறது. கணினி நிரல் கரையின் நோட்டில் 7:47-ஐத் தேடுகிறது. அங்கே இந்திய நேரம் 7:47-க்கு எழுதிய 1.12 அழகாக உட்கார்ந்திருக்கிறது. அதைக் கழித்து 3.03 என்கிறது நிரல். ஒரு மீட்டர் காணாமல் போய்விட்டது. திரையில் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. காலை ஏழு மணி அளவுகளுக்கோ நிரல் 01:30-ஐத் தேடும். இரவில் யாரும் கோலைப் படிக்காததால் ‘தரவு இல்லை’ என்று நின்றுவிடும். அந்தத் தடங்கல் உண்மையில் நமக்குக் கிடைத்த நல்ல காலம். அங்கேயும் கோலுக்குப் பதில் கணிப்பு அட்டவணையைப் போட்டிருந்தால் இரவு நேரத்து எண்ணும் கிடைத்திருக்கும். ஏற்றத்தின் அளவுகள் ஒரு மீட்டர் ஆழமாகி, இல்லாத தண்ணீர் வரைபடத்தில் ஏறியிருக்கும்.

கோல் எங்கே நிற்கிறது என்பதும் கவனிக்க வேண்டியது. கோலடியில் இருக்கும் நீர்மட்டமே படகடியிலும் இருக்கிறது என்று இந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. திறந்த கடலில் சில கிலோமீட்டருக்குள் அது சரி. கழிமுகத்துக்குள் நுழைந்தால் சரியில்லை. ஓதம் ஆழமற்ற நீரில் மெல்லத்தான் நகரும். மூன்று மீட்டர் ஆழமுள்ள ஆற்றில் நொடிக்கு ஐந்து மீட்டரைச் சற்றே தாண்டும். பத்து கிலோமீட்டர் உள்ளே போக அதற்கு அரை மணி ஆகும்; நடுநேரத்தில் அந்த அரை மணி 12, 13 சென்டிமீட்டருக்குச் சமம். முகத்துவாரத்தில் மணல் அடைத்திருந்தால் இன்னும் சிக்கல். வெளியே கடல் இறங்கிக்கொண்டே போக, உள்ளே நீர் மணல்மேட்டின் உயரத்தோடு நின்றுவிடும். கோலின் பதிவை வரைந்து பார்த்தால் தெரிந்துவிடும். வளைவின் அடிப்பள்ளம் வட்டமாக இல்லாமல், கத்தியால் சீவியதுபோலத் தட்டையாக இருக்கும். அப்படியொரு கோலை வைத்துக் கடல்பக்கத்து ஆழங்களைத் திருத்தக் கூடாது. பாம்பனில் பாலத்தின் கீழே நின்று சற்று நேரம் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. பாக் நீரிணைப் பக்கமும் மன்னார் வளைகுடாப் பக்கமும் நீர்மட்டம் ஒன்றாக இருந்தால் அந்த இடுக்கில் நீர் அப்படிச் சுழித்து ஓடாது. அங்கே பாலத்தின் இரு பக்கமும் தனித்தனிக் கோல் வேண்டும். இடையில் உள்ள அளவுகளுக்கு இரண்டையும் தூரத்துக்கேற்பக் கலந்து எடுக்க வேண்டும்.

ஏரியிலும் அணையிலும் ஓதம் இல்லை, கதை சுருக்கமானது. மேட்டூரில் 120 அடி என்றால் அணை நிரம்பியது என்று பொருள். படகு அளக்கும் நாளில் நீர்மட்டம் 96 அடியென்றால், தரை அந்த 96-லிருந்து எவ்வளவு கீழே என்று கழித்தால் போதும். சர்வே நடக்கும் நாட்களில் மதகு திறந்திருந்தால் நாளுக்கு நாள் அந்த எண் மாறும். பலத்த காற்றில் ஒரு கரை சற்றே உயர்ந்து மறுகரை தாழும். கோலைப் படிப்பது அங்கேயும் தப்பாது.

இப்போது செயற்கைக்கோள் கருவிகள் படகின் உயரத்தையே சில சென்டிமீட்டர் துல்லியத்தில் சொல்லிவிடுகின்றன. ஓதம், அலை, படகு தாழ்வது எல்லாம் அந்த உயரத்துக்குள் அடங்கிவிடுவதால், கரையில் கோல் தேவையில்லை என்று சொல்லப்படுகிறது. பாதி உண்மை. செயற்கைக்கோள் அளப்பது பூமியின் கணித வடிவமான நீள்கோளத்திலிருந்து. இந்தக் கணித வடிவத்துக்கும் உண்மையான கடல்மட்டத்துக்கும் உலகிலேயே அதிக இடைவெளி உள்ள பகுதி நம் பக்கத்தில், இலங்கைக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே கடல் அந்த வடிவத்துக்கு நூறு மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. தமிழகக் கரையில் 80 முதல் 100 மீட்டர் வரை, இடத்துக்கு இடம் மாறிக்கொண்டே போகிறது. அந்தப் பெரிய எண்ணிலிருந்து சார்ட் டேட்டத்துக்கு வர, ஒவ்வொரு இடத்திலும் நீள்கோளத்துக்கும் டேட்டத்துக்கும் உள்ள இடைவெளி தெரிய வேண்டும். அதைக் கண்டுபிடிக்க, பெஞ்ச் மார்க்கின்மேல் செயற்கைக்கோள் கருவியை வைத்து, பக்கத்திலேயே கோலை நட்டு, பல நாள் ஓதத்தைப் படித்தாக வேண்டும்.

இனி பிழையைப் பிடிப்பது. சர்வேயில் படகு கரைக்குச் செங்குத்தாகக் கோடுகோடாக ஓடும். முடிந்ததும் அந்தக் கோடுகளைக் குறுக்காக வெட்டிச் சில கோடுகள் ஓட்டப்படும், வேறு நாளில், ஓதத்தின் வேறு கட்டத்தில். இரு கோடுகள் வெட்டும் ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு ஆழங்கள் இருக்கும். திருத்தத்துக்குப் பின் அவை ஒத்துப்போக வேண்டும். சர்வதேசத் தரத்தில் துறைமுகங்கள் போன்ற நெருக்கடியான இடங்களுக்கு, பத்து மீட்டர் ஆழத்தில், எல்லாப் பிழையும் சேர்ந்து ஏறத்தாழ கால் மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஓதத்துக்கு அதில் ஒரு பங்குதான். வித்தியாசங்கள் பூஜ்யத்தைச் சுற்றிப் பத்து சென்டிமீட்டருக்குள் சிதறிக் கிடந்தால் நிம்மதி. நான் செய்வது, அந்த வித்தியாசங்களை நேரத்துக்கு எதிரே வரைந்து பார்ப்பது. பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் வளைவாக வந்தால் கடிகாரப் பிழை. ஒரு நாள் முழுக்கச் சரியாக இருந்து, மறுநாள் முழுக்க ஒரே அளவு தள்ளியிருந்தால் கோல் நகர்ந்திருக்கிறது. எல்லாப் புள்ளிகளும் கச்சிதமாக ஒத்துப்போனாலும் பெஞ்ச் மார்க்கின் உயரம் தவறாக இருக்கலாம். குறுக்குக் கோடு அதை ஒருநாளும் சொல்லாது, இரண்டு கோடுகளும் ஒரே பொய்யைச் சொல்வதால். அதற்கு இன்னொரு பெஞ்ச் மார்க்கும் பழைய சர்வேயும்தான் சாட்சி.

நம் துறைமுகத்தில் முதல் மூன்று நாள் கோடுகள் ஒன்றோடொன்று நன்றாகவே ஒத்துப்போயின. நாலாம் நாள் ஓட்டிய குறுக்குக் கோடு மட்டும் வெட்டும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் 12 சென்டிமீட்டர் குறைவாகக் காட்டியது. சில இடங்களில் 10, சில இடங்களில் 14. நேரத்தோடு அது மாறவில்லை. தகட்டுச் சோதனை எல்லா நாளும் ஒன்றே. மிச்சம் இருந்தது கோல். லெவல் கருவியை மறுபடி நிறுத்தினோம். பெஞ்ச் மார்க்கில் 1.02, கோலின் தலையில் 0.97. பார்வைக்கோடு 3.66; தலை 2.69, பூஜ்யம் டேட்டத்துக்கு 0.31 கீழே. கோல் சேற்றுக்குள் 12 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. இறங்கிய கோலில் நீர் உயரமாகத் தெரியும், அதிகமாகக் கழிப்போம், ஆழம் குறையும். எல்லாம் பொருந்தியது.

ஆனால் எப்போது இறங்கியது? மூன்றாம் நாள் கோடுகளில் எவை சரி, எவை தவறு? அதற்கும் நோட்டிலேயே பதில் இருந்தது. கோலின் ஒவ்வொரு பதிவிலிருந்தும் அட்டவணை கணித்த ஓதத்தைக் கழித்து, மிச்சத்தை வரைந்தோம். காற்றும் அழுத்தமும் தரும் மிச்சம் மெதுவாக நெளியும், மணிக்கணக்கில் ஓரிரு சென்டிமீட்டர். மூன்றாம் நாள் மாலை 4:40-க்கும் 4:50-க்கும் இடையே அது சட்டென்று 12 சென்டிமீட்டர் குதித்திருந்தது. பத்து நிமிடத்தில் வானிலை அப்படிச் செய்யாது. படித்துக்கொண்டிருந்த பையனைக் கேட்டபோது, அந்த நேரத்தில் ஒரு விசைப்படகு அணைந்து, கயிற்றைத் தூணில் போடுவதற்குப் பதில் கோலில் சுற்றியதாகச் சொன்னான். நோட்டின் ஓரத்தில் அதைப் பென்சிலால் குறித்தும் வைத்திருந்தான். 4:40 வரையிலான அளவுகளுக்கு 0.19, 4:50 முதல் 0.31 என்று பிரித்து மறுபடி கணக்கிட்டோம். இடையில் விழுந்த பத்து நிமிடத்து அளவுகளை நீக்கிவிட்டு, அந்தக் கோட்டை மட்டும் மறுநாள் காலை திரும்ப ஓட்டினோம்.